திங்கள் இரவிலிருந்து செவ்வாய் மாலைக்கு: அந்த அறிவிப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் டீமில் 13 பேர். சென்னையில் 8, நியூ ஜெர்சியில் 3, லண்டனில் 2. வாராந்திர மீட்டிங் திங்கள் இரவு 8:30 முதல் 9:30 வரை. குளிர்காலத்தில் அது 9:30க்குத்தான் ஆரம்பிக்கும். இதைச் செவ்வாய் மாலை 6:30க்கு நிரந்தரமாக மாற்ற நியூ ஜெர்சியில் இருக்கும் மேனேஜர் சம்மதித்துவிட்டார். செப்டம்பர் முதல் புது நேரம். அறிவிப்பு நான் எழுத வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண் கேட்டதில்தான் இந்தப் பேச்சே தொடங்கியது. அதைக் காரணமாக எழுதலாமா? போன வருடம் "சில வாரம் 7:30க்கு வைத்துப் பார்ப்போம்" என்று மெயில் போட்டேன். பாதிப் பேர் பழைய நேரத்துக்கே வந்தார்கள். மூன்றாவது வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இந்த முறை நிலைக்கிற மாதிரி எப்படி எழுதுவது, மேடம்?
— டீம் லீட், சென்னை

பதில்: போன வருடம் என்ன நடந்தது என்பதற்கு விடை உங்கள் மெயிலிலேயே இருக்கிறது. "வைத்துப் பார்ப்போம்" என்றால் படிக்கிறவர் மனதில் பழைய நேரம்தான் சொந்த வீடு, புது நேரம் வாடகை வீடு. காலண்டரில் பழைய இன்வைட்டையும் நீங்கள் விட்டுவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது இருக்கும்வரை திங்கள் இரவு 8:20க்குப் போனில் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். மெயில் ஒன்று சொல்ல, போன் வேறொன்று சொன்னால், ஜனங்கள் போன் சொல்வதைத்தான் கேட்பார்கள். ஆகவே இந்த முறை மெயிலில் எவ்வளவு கவனம் வைக்கிறீர்களோ, அதே அளவு காலண்டரிலும் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் காரணம்.

அந்தப் பெண்ணைப் பற்றி மெயிலில் ஒரு வார்த்தையும் வேண்டாம். பெயர் போடாமல் "ஒரு டீம் உறுப்பினரின் தனிப்பட்ட காரணத்தால்" என்று எழுதுவது இன்னும் மோசம். பதின்மூன்று பேர் உள்ள டீமில் அது யார் என்று அடுத்த டீ நேரத்துக்குள் தெரிந்துவிடும். அப்புறம் நியூ ஜெர்சியில் ஒருவர் காலையில் அவசரமாகக் கிளம்பும் ஒவ்வொரு செவ்வாயும் அவருடைய எரிச்சல் அந்தப் பெண்மேல்தான் போய் விழும்.

இதில் எதையோ மறைக்கிறோமே என்று உங்களுக்கு உறுத்தலாம். ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்தப் பெண் நாளைக்கே வேறு புராஜெக்டுக்குப் போய்விட்டால் மீட்டிங்கைத் திரும்ப இரவு 8:30க்குக் கொண்டுபோவீர்களா? மாட்டீர்கள் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. அப்படியென்றால் அவர் பேச்சைத் தொடங்கி வைத்தார், அவ்வளவுதான். காரணம் எல்லாருக்கும் பொதுவானது. யாராவது "அவங்களுக்காகத்தானே மாத்துறீங்க?" என்று கேட்டாலும் கூச்சமில்லாமல் "இல்லை, எட்டுப் பேருக்கும் ராத்திரி பத்தரை ஆகிறது" என்று சொல்லலாம். அது உண்மை.

உங்களிடம் எழுதக்கூடிய காரணம் இரண்டு இருக்கிறது. முதலாவது இரவு நேரம். நவம்பரிலிருந்து மார்ச் வரை சென்னையில் எட்டுப் பேர் இரவு 10:30 வரை மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கடைசி இருபது நிமிடத்தில் வரும் விஷயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று போய்விடும். உங்கள் மினிட்ஸை எடுத்து, ஒரே விஷயம் எத்தனை வாரம் தள்ளிப்போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மெயிலில் போட அந்த ஒரு எண் போதும்.

இரண்டாவது காரணத்தை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் நியூ ஜெர்சிக்காரர்களிடம் எடுபடப்போவது அதுதான். திங்கட்கிழமை என்பதே பல நாடுகளில் ஆள் இருக்கும் டீமுக்குத் தோதில்லாத நாள். நம் ஊர் விடுமுறைகள் பெரும்பாலும் தேதியையோ திதியையோ பார்த்து வரும், எந்தக் கிழமையிலும் விழும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல விடுமுறைகளைத் திங்கட்கிழமை என்றே நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். 2026ஐயே பாருங்கள். ஜனவரி 19 மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரி 16 பிரசிடென்ட்ஸ் டே, இரண்டும் அமெரிக்காவில். ஏப்ரல் 6 ஈஸ்டர் திங்கள், மே 4 வங்கி விடுமுறை, இரண்டும் லண்டனில். மே 25 இரண்டு நாட்டிலும் விடுமுறை. ஆகஸ்ட் 31 லண்டனில், செப்டம்பர் 7 அமெரிக்காவில் லேபர் டே. உங்கள் கம்பெனி இதில் எதெதற்கு லீவு விடுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாக் கம்பெனியும் எல்லாவற்றுக்கும் விடுவதில்லை. எப்படிப் பார்த்தாலும் வருடத்தில் ஐந்தாறு வாரமாவது மீட்டிங் அரைகுறையாக நடந்திருக்கும், இல்லை நடந்தே இருக்காது. செவ்வாய்க்கு மாற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது, காலண்டரைத் திறந்தால் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிகிற காரணம்.

மெயிலில் தயவுசெய்து எழுதக்கூடாத ஒன்று: "அனைவரின் வசதிக்காகவும்". அது உண்மையில்லை. நியூ ஜெர்சியில் 11 மணிக்கு நிதானமாக உட்கார்ந்த மீட்டிங் இப்போது 9 மணிக்குப் போகிறது. பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு வருகிறவருக்கு 9 மணி சுலபமில்லை. லண்டனுக்கு மாலை 4 மணி, பகல் 2 மணி ஆகிறது. அவர்களுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆக, சங்கடம் மூன்று பேருக்கு. அதில் ஒருவர் மேனேஜர், ஏற்கெனவே சம்மதித்தவர். மீதி இரண்டு பேரிடமும் மெயில் போவதற்கு முன் தனித்தனியாகப் பேசிவிடுங்கள். பத்து நிமிடம் போதும். "உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்காதீர்கள். முடிவாகிவிட்ட ஒன்றைப் பற்றி அப்படிக் கேட்டு, அவர் இல்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? "செப்டம்பரிலிருந்து செவ்வாய் 9 மணிக்கு மாறுகிறது. உங்களுக்கு அந்த நேரத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அதை எப்படி நகர்த்தலாம் என்று பார்ப்போம்" என்று கேளுங்கள். தனக்கு முன்கூட்டியே சொன்னார்கள் என்ற ஒன்றுக்காகவே பலர் அமைதியாக ஏற்றுக்கொள்வார்கள். பொது மெயிலில் முதல்முறையாகப் பார்க்கிறவர்தான் Reply all போடுவார்.

சென்னைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து இதை விட்டுவிட்டால் முதல் வாரமே மாட்டிக்கொள்வீர்கள். இரவு 8:30 என்பது கஷ்டமான நேரம்தான், ஆனால் அப்போது எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். மாலை 6:30 அப்படியில்லை. வழக்கமாக 6 மணிக்குக் கிளம்புகிறவர் 6:30க்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். காதில் இயர்போன், மைக் மியூட்டில், நெட்வொர்க் போய்ப் போய் வரும். "கேட்குதா?" என்பதற்கே பாதி நேரம் போகும். அதைவிட இரவு மீட்டிங்கே தேவலாம்.

அதனால் மெயில் எழுதும் முன் எட்டுப் பேரிடமும் செவ்வாய்க்கிழமை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஆபீஸிலேயே இருந்து மீட்டிங்கை முடித்துவிட்டு 7:30 மணிக்குக் கிளம்புவது ஒரு வழி. அதற்கு 7:30க்கு மேல் பஸ்ஸோ கேபோ இருக்கிறதா என்று டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் கேட்க வேண்டும். சீக்கிரம் கிளம்பி வீட்டிலிருந்து சேருவது இன்னொரு வழி. இல்லையென்றால் செவ்வாயை வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளாக்கிவிடலாம், உங்கள் கம்பெனி விதி இடம் கொடுத்தால். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது வழி. எது முடிவானாலும் அது மெயிலில் ஒரு வரியாக வர வேண்டும். ஆபீஸ்தான் என்றால் ஒரு ரூமும் வேண்டும். இதுவரை எல்லாரும் வீட்டிலிருந்து பேசியதால் உங்களுக்கு ரூம் தேவைப்பட்டிருக்காது. மாலை ஆறரை என்பது சென்னையில் பாதி டீம்கள் அமெரிக்காவோடு பேசத் தொடங்கும் நேரம். எட்டுப் பேர் உட்காரும் ரூம் சும்மா கிடைக்காது.

இனி கடிகார விஷயம். நிறைய அறிவிப்புகள் சறுக்குவது இங்கேதான்.

"செவ்வாய் மாலை 6:30" என்று மட்டும் எழுதினால் அது இரண்டு மாதத்துக்குத்தான் சரியாக இருக்கும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னால் வைப்பார்கள். இங்கிலாந்தில் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. உங்கள் மீட்டிங் குளிர்காலத்தில் தானாக 9:30 ஆவதற்கு இதுதான் காரணம். அது நியூ ஜெர்சியின் 11 மணியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே புது நேரத்தை எந்த ஊர்க் கடிகாரத்தோடு கட்டுகிறீர்கள் என்பதை முடிவு செய்து, அதை மெயிலில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சென்னையோடு கட்டினால் நமக்கு வருடம் முழுக்க 6:30. ஆனால் நவம்பர் 1க்குப் பிறகு நியூ ஜெர்சியில் காலை 8 மணி. நியூ ஜெர்சியோடு கட்டினால் அவர்களுக்கு எப்போதும் 9 மணி, நமக்குக் கோடையில் 6:30, குளிர்காலத்தில் 7:30. எட்டுப் பேர் சென்னையில் இருக்கிறார்களே, சென்னையோடு கட்டுவதுதானே நியாயம் என்று தோன்றும். நான் நியூ ஜெர்சியோடு கட்டச் சொல்வேன். 8 மணி அவர்களுக்கு ரொம்பச் சீக்கிரம் என்பதற்காக மட்டும் இல்லை. உங்கள் ஆட்களுக்கு அமெரிக்காவோடு வேறு கால்களும் இருக்கும், அவை எல்லாம் நவம்பரில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இப்போது மாலை 5:30க்கு இருக்கும் கிளையன்ட் கால் நவம்பரில் 6:30க்கு வந்து நிற்கும். உங்கள் மீட்டிங் மட்டும் 6:30லேயே நின்றால் இரண்டும் மோதும். ஒரே கடிகாரத்தோடு கட்டியவை எல்லாம் சேர்ந்து நகரும், ஒன்றோடொன்று இடிக்காது.

7:30 என்றால் மீட்டிங் 8:30க்கு முடியும். குளிர்காலத்தில் 10:30 ஆனதற்கு இது எவ்வளவோ மேல், ஆனால் 6:30 என்று நம்பியிருந்தவருக்கு நவம்பரில் இது ஏமாற்றமாக இருக்கும். அதனால்தான் இப்போதே எழுத வேண்டும் என்கிறேன். கேப் ஏற்பாடும் இரண்டு நேரத்துக்கும் கேட்டு வையுங்கள். மேனேஜர் சென்னையோடு கட்டலாம் என்று சொன்னால் அப்படியே செய்யுங்கள், அவர் ஊர்க்காரர்கள்தானே சீக்கிரம் எழப்போகிறார்கள். எதையும் சொல்லாமல் விடுவது மட்டும் கூடாது.

லண்டனுக்குச் சின்ன வேடிக்கை ஒன்று. இரண்டு நாடும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றாததால் வருடத்தில் சில செவ்வாய்க்கிழமைகளில் அவர்களுக்கு மீட்டிங் 2 மணிக்குப் பதில் 1 மணிக்கு வரும். இந்த வருடம் அது அக்டோபர் 27 மட்டும். மார்ச்சில் இதே மாதிரி இரண்டு மூன்று வாரம் வரும். லண்டன்காரர்களுக்கு இது பழகிய கதை, ஆனாலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

எப்போது மாற்றுவது? உங்களுக்கு நல்ல இடைவெளி ஒன்று தானாக அமைந்திருக்கிறது. ஆகஸ்ட் 24 திங்கள்தான் கடைசிப் பழைய மீட்டிங் என்று வையுங்கள். ஆகஸ்ட் 31 லண்டனில் லீவு, அன்றைய மீட்டிங் எப்படியும் அரைகுறைதான். மறுநாள் செப்டம்பர் 1 செவ்வாய். முதல் புது மீட்டிங் அன்று. ஒரு வாரமும் விட்டுப்போகாது. அதற்கடுத்த திங்களும் அமெரிக்காவில் லீவு என்பதால், பழைய நேரத்தின் ஞாபகம் மறைய இரண்டு வாரம் கிடைக்கிறது.

காலண்டர் வேலையை மெயில் அனுப்பும் அதே அரை மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். பழைய தொடரைத் திறந்து நேரத்தை மட்டும் மாற்றலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அவுட்லுக்கில் தொடரின் நாளையும் நேரத்தையும் மாற்றினால், நடுவில் தனியாக நகர்த்திய, ரத்து செய்த மீட்டிங்குகளின் விவரம் அழிந்துவிடும், பழைய வாரங்களும் குழம்பும். மொத்தத் தொடரையும் டிலீட் செய்தால் நடந்து முடிந்த மீட்டிங்குகள் எல்லாருடைய காலண்டரிலிருந்தும் காணாமல் போகும். சரியான வழி, பழைய தொடருக்கு ஆகஸ்ட் 24 என்று முடிவு தேதி போட்டு அப்டேட் அனுப்புவது. கூகுள் காலண்டர் என்றால் ஆகஸ்ட் 31ஆம் தேதி மீட்டிங்கைத் திறந்து டிலீட் அழுத்தி, `This and following events` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு புதிதாக ஒரு தொடரை உருவாக்குங்கள்.

புது தொடரை உருவாக்கும்போது நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டைம் ஜோனைக் கவனியுங்கள். நீங்கள் சென்னையில் உட்கார்ந்து உருவாக்கினால் அது இந்திய நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அதை நியூயார்க்கின் கிழக்கு அமெரிக்க நேரத்துக்கு மாற்றிவிட்டு, காலை 9:00 என்று போடுங்கள். நியூ ஜெர்சிக்கும் அதே நேரம்தான். சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: உங்கள் காலண்டரில் நவம்பர் 3ஆம் தேதிக்குப் போங்கள். அங்கே மீட்டிங் 7:30க்கு இருந்தால் சரி. 6:30க்கே இருந்தால் இன்னும் இந்திய நேரத்தில்தான் கட்டியிருக்கிறது. இன்வைட் போவதற்குமுன் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டு பேருக்கும் இரண்டு தடவை இன்வைட் போகும்.

ரூம் புக் செய்யும்போது தொடருக்கு முடிவு தேதி வேண்டும். பல ஆபீஸ்களில் ஆறு மாதத்துக்கு மேல் ரூம் கொடுக்க மாட்டார்கள். முடிவே இல்லாத தொடர் போனால் ரூம் தானாக மறுத்துவிடும், அந்த மறுப்பு மெயில் உங்கள் இன்பாக்ஸில் எங்கோ கிடக்கும். பிப்ரவரி தொடக்கத்தில் முடியும்படி வைத்துவிட்டு, ஜனவரியில் நீட்டிக்க ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள்.

புது தொடர் என்றால் லிங்க்கும் புதிது. பழைய லிங்க்கை யாராவது குரூப்பில் பின் செய்து வைத்திருப்பார்கள், அதை எடுக்கச் சொல்லுங்கள். செப்டம்பர் 1 மாலை ஒருவர் பழைய லிங்க்கை அழுத்தி, யாரும் இல்லாத மீட்டிங்கில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு "என்ன, மீட்டிங் கேன்சலா?" என்று கேட்பார். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பயன்படுத்தினால் மீட்டிங் சாட்டும் புதிதாகத்தான் ஆரம்பிக்கும், பழைய குறிப்புகள் பழைய சாட்டிலேயே தங்கிவிடும். முக்கியமானவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெயில் இதோ. உங்கள் ஆபீஸில் ஆங்கிலத்தில்தான் போகும், நான் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

> பொருள்: வாராந்திர மீட்டிங் செப்டம்பர் 1 முதல் செவ்வாய்க்கிழமை – சென்னை மாலை 6:30 / நியூ ஜெர்சி காலை 9:00 / லண்டன் பகல் 2:00
>
> அனைவருக்கும் வணக்கம்.
>
> நம் வாராந்திர மீட்டிங் செப்டம்பர் 1 முதல் நிரந்தரமாகச் செவ்வாய்க்கிழமைக்கு மாறுகிறது. திங்கள் மீட்டிங் கடைசியாக ஆகஸ்ட் 24 அன்று நடக்கும். ஆகஸ்ட் 31 அன்று மீட்டிங் இல்லை.
>
> நேரம் நியூ ஜெர்சி கடிகாரத்தின்படி எப்போதும் காலை 9:00. அதனால் சென்னையில் அக்டோபர் இறுதிவரை மாலை 6:30, நவம்பர் 3 முதல் மார்ச் தொடக்கம் வரை மாலை 7:30. லண்டனில் பகல் 2:00. அக்டோபர் 27 அன்று மட்டும் 1:00.
>
> காரணம் இரண்டு. இப்போதைய நேரத்தில் சென்னையில் எட்டுப் பேருக்கு மீட்டிங் இரவு 9:30க்கும், குளிர்காலத்தில் 10:30க்கும் முடிகிறது. முடிவெடுக்க வேண்டியவை வாரக்கணக்கில் தள்ளிப்போகின்றன. மேலும் அமெரிக்க, இங்கிலாந்து விடுமுறைகள் பல திங்கட்கிழமையில் வருவதால் பல வாரங்கள் முழு டீமும் கூட முடிவதில்லை.
>
> நியூ ஜெர்சி நண்பர்களுக்கு இது இரண்டு மணி நேரம் முன்னதாக ஆகிறது. அதற்கு ஒத்துழைப்பதற்கு நன்றி. முதல் பத்து நிமிடத்தில் அவர்களுடைய விஷயங்களை எடுக்க மாட்டோம்.
>
> சென்னையில் இருப்பவர்கள்: செவ்வாய் அன்று வீட்டிலிருந்து வேலை செய்யலாம். ஆபீஸ் வருகிறவர்களுக்கு ரூம் இன்வைட்டில் உள்ளது. பயணத்தில் இருந்தபடி சேர வேண்டாம்.
>
> புது இன்வைட் இப்போதே வந்திருக்கும், லிங்க் மாறியுள்ளது. தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள். வேறு மீட்டிங்கோடு மோதினால் ஆகஸ்ட் 21க்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

பொருள் வரியிலேயே மூன்று ஊர் நேரமும் இருப்பது சற்று நீளம்தான். பரவாயில்லை. மெயிலைத் திறக்காமல் போகிறவர் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள், அவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். மினிட்ஸிலிருந்து எண்ணிய எண்ணைக் காரணத்தில் "வாரக்கணக்கில்" என்ற இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் பற்றிய வரி உங்களால் காப்பாற்ற முடிந்தால் மட்டும் இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். மேனேஜர் சம்மதம் பற்றி நான் எழுதவில்லை. அவரை CCயில் போட்டாலே போதும், "மேனேஜர் ஒப்புதலுடன்" என்று எழுதினால் உத்தரவு மாதிரி தொனிக்கும்.

இதை முதலில் திங்கள் மீட்டிங்கில் வாயால் சொல்லுங்கள். ஆகஸ்ட் 10 நல்ல நாள், மூன்று வாரம் இருக்கிறது. மறுநாள் காலை மெயில். அன்றைக்கே "வியாழன் வைத்தால் என்ன?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். நல்ல யோசனையாகக்கூட இருக்கும். "செவ்வாய் முடிவாகிவிட்டது. உங்களுக்குச் செவ்வாயில் என்ன மோதுகிறது என்று சொல்லுங்கள்" என்று அவருடைய சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்காக நாளை மறுபடி பேச்சுக்கு எடுத்தால் பதின்மூன்று பேருக்கும் யோசனை வந்துவிடும்.

மெயிலைப் பார்த்தார்களா என்பதைவிட இன்வைட்டை ஏற்றுக்கொண்டார்களா என்று பாருங்கள். ஆகஸ்ட் 21 அன்று பட்டியலைத் திறந்து, பதில் சொல்லாதவர்களுக்குத் தனித்தனியாக ஒரு வரி செய்தி அனுப்புங்கள். குரூப்பில் பொதுவாக "சிலர் இன்னும் ஏற்கவில்லை" என்று போட்டால் அந்தச் சிலர் தாங்கள் இல்லை என்று எல்லாருமே நினைத்துக்கொள்வார்கள். எப்போதாவது வரும் மற்ற டீம்காரர்களுக்கும் புது இன்வைட் போய்விட்டதா என்று பாருங்கள். பழைய தொடரில் அவர்களை யார் சேர்த்தது என்றே யாருக்கும் நினைவிருக்காது. திங்கள் மதியத்துக்குள் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தால் அதைச் செவ்வாய் மதியமாக்குங்கள். இல்லையென்றால் ஒருநாள் பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேசுவீர்கள்.

செப்டம்பரில் நான்கைந்து மீட்டிங் முடிந்ததும் பழைய நேரத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள். அப்புறம் ஒரே ஒரு செய்தி மட்டும் பாக்கி, அக்டோபர் 30 வெள்ளி அன்று குரூப்பில் போட: "அடுத்த செவ்வாய், நவம்பர் 3 முதல் சென்னைக்கு மீட்டிங் மாலை 7:30. நியூ ஜெர்சி நேரத்தில் மாற்றமில்லை, லண்டனுக்கு மறுபடி பகல் 2:00. கேப் தேவைப்படுபவர்கள் 8:45க்குப் பதிவு செய்யவும்." இதை இப்போதே எழுதி, காலண்டரில் அந்தத் தேதியில் போட்டு வைத்துவிடுங்கள்.